குள்ளமானவர்களுக்கு வைட் லெக் பேண்ட்: கீழே வெட்டுவதற்கு முன் மேலே பாருங்கள்

கேள்வி: என் உயரம் 150 செ.மீ. ஆன்லைனில் ஒரு வைட் லெக் பேண்ட் வாங்கினேன், இடுப்பு அளவு சரியாக இருக்கிறது. பக்க நீளம் 40 அங்குலம், உள்நீளம் 28. தரையில் புரள்கிறது, போட்டால் இன்னும் குள்ளமாகத் தெரிகிறேன். டெய்லரிடம் கொடுத்துக் கீழே வெட்டிவிடலாமா, திருப்பி அனுப்பலாமா? – வாசகி, கடலூர்

பதில்: கத்தரி பட்டுவிட்டால் ரிட்டர்ன் போய்விடும், அதனால் இன்றைக்கு வெட்ட வேண்டாம். முதலில் ஓர் அளவு எடுத்துவிடுங்கள்.

இடுப்பின் மிக ஒடுங்கிய இடத்தில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு மர நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். மெத்தை போட்ட நாற்காலி வேண்டாம், அமுங்கும். பக்கவாட்டில் நாடாவிலிருந்து நாற்காலிப் பலகை வரை டேப் வையுங்கள். அது 10 அங்குலம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உட்கார, எழ வசதிக்காக அரை அங்குலம் சேர்த்தால் பத்தரை, உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். உங்கள் பேண்டில் பக்க நீளம் 40, உள்நீளம் 28, கழித்தால் 12. அதாவது இடுப்புப் பட்டிக்கும் கவட்டைத் தையலுக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் அதிகம். பட்டி இடுப்பில் சரியாக உட்கார்ந்திருந்தாலும் கவட்டை ஒன்றரை அங்குலம் கீழே தொங்கும், கால் அங்கிருந்துதான் தொடங்குவதாகக் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் குள்ளமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்பக்கம் கவட்டைக்கு மேலே துணி தளர்ந்து பை மாதிரி நிற்கும்.

இப்போது நீளம். செருப்போடு நின்று, இடுப்பிலிருந்து தரைக்கு அரை அங்குலம் மேலே வரை அளந்தால் 37 வருகிறது என்று வைப்போம். அப்படியானால் 3 அங்குலம் போக வேண்டும். மூன்றையும் கீழே வெட்டினால் உள்நீளம் 25 ஆகிவிடும், தொங்கும் கவட்டை அப்படியே இருக்கும். அதற்குப் பதிலாகப் பட்டியைப் பிரித்து மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை என்று எடுத்தால் மொத்த நீளம் அதே 37தான், ஆனால் உள்நீளம் இருபத்தாறரை. அந்த ஒன்றரை அங்குலக் கால்தான் பார்வைக்கு உயரம் தருகிறது. எலாஸ்டிக் பட்டியென்றால் எந்த டெய்லரும் செய்துவிடுவார். முன்பக்கம் ஜிப், பாக்கெட், பிளீட் எல்லாம் இருந்தால் மேலே கை வைப்பது பெரிய வேலை, தையல் கூலியும் கூடும், இடுப்பு அளவும் மாறும். அந்த மாதிரி பேண்டாக இருந்தால் என் பதில் ஒன்றுதான்: திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வைத்துக்கொள்வதாக இருந்தால், அதுவும் காட்டன் என்றால், ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகு டெய்லரிடம் போங்கள். 3 சதவீதம் சுருங்கினாலே 37 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். அதிகம் போடும் செருப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ஏனென்றால் தட்டைச் செருப்புக்கு வெட்டிய பேண்ட் ஹீல்ஸ் போட்டதும் கணுக்காலுக்கு ஏறி நிற்கும், ஹீல்ஸுக்கு வெட்டியதோ தட்டைச் செருப்பில் தரையைப் பெருக்கும், ஐப்பசி மழையில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் நடந்தால் அதன் ஓரம் என்ன கதியாகும் என்று உங்களுக்கே தெரியும். கீழ் மடிப்பை ஒன்றரை அங்குலமாவது வைக்கச் சொல்லுங்கள், அந்தக் கனத்தில்தான் துணி நேராக விழும்.

அகலத்தையும் பாருங்கள். பாட்டத்தைத் தட்டையாக விரித்து அளந்தால் உங்கள் உயரத்துக்கு 10, 11 அங்குலம் போதும், 14 வந்தால் அதிகம். தொடையின் நடுவிலிருந்து கீழே குறைக்கலாம், ஆனால் உள்தையல், வெளித்தையல் இரண்டிலும் சமமாகப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் கால் முறுக்கிக்கொண்டு விழும்.

அப்புறம் மேல் சட்டை. தொடை நடுவரை வரும் குர்தியை இதன் மேல் போட்டால் மேலே பாதி, கீழே பாதி என்று உடம்பு இரண்டாகத் தெரியும், மேலே எடுத்த ஒன்றரை அங்குலமும் அதற்குள் மறைந்துவிடும். டக் இன் செய்யப் பிடிக்காவிட்டால் இடுப்பு எலும்போடு முடியும் டாப் போதும். குர்திதான் வேண்டும் என்றால், பேண்டின் நிறத்திலேயே எடுங்கள்.

அடுத்த முறை புதுச்சேரி நேரு வீதியில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, இடுப்புச் சுற்றளவோடு நிற்காதீர்கள். கடையில் என்றால் டேப் கேட்டு நீங்களே பக்க நீளமும் உள்நீளமும் அளந்து கழித்துப் பாருங்கள். ஆன்லைனில் உள்நீளம் போடாமல் இருந்தால் விற்பவரிடம் கேளுங்கள், சொல்லவில்லையென்றால் ரிட்டர்ன் வசதி உள்ளதை மட்டும் வாங்குங்கள்.