மேஜிக் வாண்டும் வெள்ளிக் கொலுசும்

கேள்வி: “வெள்ளைப் பின்னணியில எடுத்த கொலுசு போட்டோ. போட்டோஷாப்ல மேஜிக் வாண்ட் வச்சு கிளிக் பண்ணி டெலிட் கொடுத்தா கொலுசுலயும் ஓட்டை விழுது. டாலரன்ஸ் குறைச்சா பின்னணி திட்டுத்திட்டா நிக்குது. கன்டிகுவஸ் டிக் வைக்கணுமா, எடுக்கணுமா?”

டிக் வையுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. எந்த இடத்தில் கிளிக் செய்கிறீர்கள் என்பதுதான் பாதி வேலை.

“பென் டூல் எடுத்து வரையத் தெரியாதவன்தான் வாண்டைத் தொடுவான்” என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். அவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: வளையல், தட்டு, குத்துவிளக்குக்கு நானும் பென் டூல்தான். சலங்கை தொங்கும் கொலுசில் வளையத்துக்கு வளையம் இடைவெளி இருக்கும். அத்தனையையும் பென்னால் சுற்றி வரைந்து, ஒரு படத்துக்கு என் ஊரில் கொடுக்கிற கூலியை வாங்கிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

நான் இருப்பது சேலம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கேட்லாக் படம் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு பட்டறைக்காரர் முதலில் வேறு ஒருவரிடம் வேலையைக் கொடுத்து, கேட்லாக்கை மெரூன் நிறப் பின்னணியில் அச்சடித்தும் விட்டார். அதைப் பார்த்த வெளியூர் வியாபாரி போன் செய்து, “அண்ணே, இந்த டிசைன்ல சிவப்பு எனாமல் எப்போ வைக்க ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டாராம். எனாமலும் இல்லை, ஒன்றும் இல்லை. வெள்ளி மின்னுகிற இடமெல்லாம் பின்னணியோடு சேர்ந்து அழிந்துபோய், அடியில் இருந்த மெரூன் ஓட்டை வழியாகத் தெரிந்திருக்கிறது. அந்த ஃபைல்தான் அப்புறம் என்னிடம் வந்தது. உங்களுக்கு நடப்பதும் அதேதான் என்று நினைக்கிறேன்.

வாண்டுக்குக் கொலுசும் தெரியாது, பின்னணியும் தெரியாது. நீங்கள் தொட்ட பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. டாலரன்ஸ் 32 என்றால், தொட்ட எண்ணிலிருந்து கீழே 32, மேலே 32. மூன்று எண்ணும் அந்த எல்லைக்குள் இருக்கிற பிக்சல் சிக்கும், ஒன்று வெளியே போனாலும் சிக்காது. இதில் பலர் கவனிக்காத விஷயம், ஒப்பீடு எப்போதும் நீங்கள் தொட்ட பிக்சலோடுதான். பக்கத்துப் பிக்சலோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு நகர்ந்து போவதில்லை. அதனால்தான் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக இருக்கிற பின்னணியில் செலக்‌ஷன் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

என்னிடம் வந்த படத்தில் பின்னணியை Info பேனலில் (F8 அழுத்தினால் வரும்) மவுஸை நகர்த்திப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் 244, நடுவில் 226, கீழ் மூலையில் 208. மூன்று நிற எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்ததால் ஒரே எண்ணாகச் சொல்கிறேன். வெள்ளியின் உடம்பு 130 முதல் 190 வரை, மின்னும் புள்ளிகள் 250க்கு மேலே.

பொதுவாக எல்லோரும் எங்கே தொடுவார்கள்? நல்ல வெள்ளையாக இருக்கிற ஜன்னல் பக்கம், 244இல். டாலரன்ஸ் வந்தபடியே 32. எல்லை 212இல் தொடங்கி 255 வரை போகும். கீழ் மூலையின் 208 சிக்காமல் திட்டாக நிற்கும். உடனே டாலரன்ஸை 50 ஆக்குவார்கள். இப்போது எல்லை 194இலிருந்து. மூலை போய்விடும், ஆனால் மேல்பக்கம் 255 வரை ஏற்கெனவே திறந்தே கிடக்கிறது. மின்னும் புள்ளிகள் அத்தனையும் பின்னணிக் கணக்கில் சேர்ந்துவிட்டன.

இதே படத்தில் நடுவில், 226இல் தொட்டு டாலரன்ஸை 18 என்று வைத்துப் பாருங்கள். 208 முதல் 244 வரை. பின்னணி முழுவதும் சிக்குகிறது, 250 வெளியே நிற்கிறது. வெள்ளைக் கோடியில் தொட்டால் எல்லையின் மேல்பாதி பின்னணிக்குப் பயன்படாமல் நகையின் மினுமினுப்பைத்தான் தின்னும். நடுவில் தொட்டால் இரண்டு பக்கமும் பயன்படும். பின்னணியின் மிக வெளிச்சமான எண்ணையும் மிக மங்கலான எண்ணையும் Info பேனலில் பார்த்து, இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தைத் தொடுங்கள். அவற்றின் வித்தியாசத்தில் பாதிதான் டாலரன்ஸ். ஒன்றிரண்டு கூட வைத்துக்கொள்ளலாம். மேலே Sample Size என்று இருப்பதை 5 by 5 Average ஆக்குங்கள். Point Sample என்று இருந்தால், போன் கேமராவின் புள்ளி இரைச்சலில் ஏதோ ஒரு கெட்ட பிக்சல் சிக்கி, மொத்த எல்லையும் அதைச் சுற்றி அமைந்துவிடும்.

இனி கன்டிகுவஸ். டிக் இல்லாவிட்டால், எல்லைக்குள் வருகிற பிக்சல் படத்தில் எங்கே இருந்தாலும் சேரும். டிக் இருந்தால், தொட்ட இடத்திலிருந்து இடையறாமல் தொட்டுத் தொட்டுப் போய்ச் சேரக்கூடியவை மட்டும் சேரும். வயலில் மடை திறந்த மாதிரி: வரப்பு இருக்கிற வரைதான் தண்ணீர் நிற்கும், எலி வளை அளவு இடம் கிடைத்தாலும் அடுத்த வயலுக்குப் போய்விடும். இங்கே வரப்பு என்பது கொலுசின் ஓரத்தில் இருக்கிற கருத்த கோடு.

“226, 18 என்றுதான் மினுமினுப்பைக் காப்பாற்றிவிட்டோமே, டிக்கை எடுத்தால் வளையத்துக்குள் இருக்கிற இடைவெளி எல்லாம் ஒரே கிளிக்கில் போய்விடுமே” என்று தோன்றும். இடைவெளி போகும், கூடவே கொலுசும் போகும். ஒரு மின்னும் புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் 252, வெளியே வர வர 240, 225, 210, 190 என்று இறங்கி வெள்ளியின் உடம்புக்கு வரும். அந்த இறக்கத்தில் 208க்கும் 244க்கும் இடைப்பட்ட பிக்சல்கள் இருந்தே தீரும். டிக் இல்லாவிட்டால் அவை அழியும். நடுப்புள்ளி மட்டும் நிற்க, அதைச் சுற்றி வளையமாக ஓட்டை விழும். அந்த மெரூன் கேட்லாக்கில் சில இடங்களில் முழு ஓட்டை, சில இடங்களில் இந்த மாதிரி வளையம். வளையம் தெரிந்தால் டிக் எடுக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். டாலரன்ஸை எவ்வளவு குறைத்தாலும் வளையம் மெலியுமே தவிர மறையாது.

தங்கத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. தங்கத்தின் நீல எண் 70, 80 என்று கீழே கிடக்கும். மின்னுகிற இடத்தில்கூட 250, 238, 200 மாதிரிதான் வரும். சிவப்பு மேலே தாண்டிவிடும், நீலம் கீழே தங்கிவிடும். அதனால் தங்கச் சங்கிலிக்கு டிக்கை எடுத்துவிட்டே பெரும்பாலும் வேலையை முடிக்கலாம். வெள்ளிக்கும் வெள்ளைக் காகிதத்துக்கும் மூன்று எண்ணும் ஒரே ஜாதி. நீலக் காகிதத்தில் வைத்து எடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பாலிஷ் போட்ட வெள்ளி கண்ணாடிக்குச் சமம், காகிதத்தின் நீலத்தை ஓரமெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதைக் கழுவி எடுப்பது தனி வேலை.

ஆக, வெள்ளிக்கு டிக் கட்டாயம். வெளிப்பின்னணியை ஒரு கிளிக்கில் எடுங்கள். பிறகு Shift அழுத்தியபடி வளையத்துக்குள் இருக்கிற இடைவெளிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். அலுப்பான வேலைதான், குறுக்கு வழி இல்லை. மங்கலான இடைவெளியாக இருந்தால் அதற்கு மட்டும் டாலரன்ஸை மாற்றிக்கொண்டு தொடலாம். ஏற்கெனவே எடுத்த செலக்‌ஷனை அது பாதிக்காது.

சில இடத்தில் மினுமினுப்பு நேராக ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், கருத்த கோடே இருக்காது. அங்கே செலக்‌ஷன் உள்ளே வழியும். அதற்கு நான் செய்வது: மேலே ஒரு காலி லேயர் போட்டு, பென்சில் டூலில் இரண்டு பிக்சல் கறுப்புக் கோட்டால் அந்த ஓரத்தை அடைப்பேன். வாண்டில் Sample All Layers டிக் வைத்தால் அந்தக் கோட்டையும் சேர்த்துப் பார்த்து அங்கேயே நின்றுவிடும். செலக்‌ஷன் கிடைத்ததும் கோட்டு லேயரை அழித்துவிட்டு, கொலுசு இருக்கிற லேயரில் வேலையைத் தொடரலாம்.

அப்புறம், டெலிட் அழுத்தாதீர்கள். செலக்‌ஷனைத் தலைகீழாக்கி (Select > Inverse) லேயர் மாஸ்க் போடுங்கள். ஓட்டை விழுந்தாலும் வெள்ளைப் பிரஷ்ஷால் திரும்பக் கொண்டுவரலாம். தலைகீழாக்கும் முன் Select > Modify > Expand போய் ஒரு பிக்சல் கொடுத்தால், ஓரத்தில் நிற்கும் வெள்ளைக் கோடு பெரும்பாலும் போய்விடும். மெல்லிய கம்பி உள்ள டிசைனில் மட்டும் வேண்டாம், கம்பியே அரிபடும். மாஸ்க்குக்கு அடியில் பளிச்சென்ற சிவப்பு லேயர் ஒன்றை வைத்துப் பார்த்தால் விட்ட திட்டும் விழுந்த ஓட்டையும் உடனே தெரியும். வெள்ளைக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு “சுத்தமா இருக்கு” என்று அனுப்பினால் மெரூன் கேட்லாக் கதைதான்.

படத்தை எப்படி வாங்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். மெசேஜில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும். ஜேபெக் சுருக்கம் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டுவதால், நகையின் ஓரத்தைச் சுற்றிப் பின்னணியில் அழுக்குப் புள்ளிகள் விழும். அவை எல்லைக்கு வெளியே போய், செலக்‌ஷனில் கொசுக் கொசுவாகத் தனித்து நிற்கும். அதற்காக டாலரன்ஸை ஏற்றாதீர்கள். லாசோவில் Shift அழுத்தி அந்தப் புள்ளிகளைச் சுற்றிச் சேர்த்துவிடுங்கள். ஒரிஜினல் ஃபைலை டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் பாதித் தொல்லை இல்லை. சொல்லிப் பார்த்தாயிற்று. “அதான் தெளிவாத் தெரியுதே தம்பி” என்பார்கள்.

தெளிவாகத் தெரிகிறவர்களுக்குக் கூலியும் ஒரு கிளிக் கூலியாகத்தான் தெரிகிறது. அதையாவது பொறுக்கலாம், தொழில். சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு அந்த ஒரு கிளிக்கும் கிடையாது. பூப்புனித நீராட்டு விழா ஃபிளக்ஸ், காதுகுத்து ஃபிளக்ஸ், கிரகப்பிரவேசப் பத்திரிகை, எல்லாம் “உனக்கு அஞ்சு நிமிஷ வேலைதானே மாப்ள” என்று வந்துவிடும். அதில் தாய்மாமன் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டால் சித்தப்பாவுக்குக் கோபம், அந்தச் சண்டையும் என் தலையில். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எழுத ஆரம்பித்ததும் வந்துவிட்டது.

உங்கள் படத்தின் பின்னணி வெளிச்சமும் நிழலுமாக ரொம்ப விரிந்திருந்தால், உதாரணமாக 170இலிருந்து 245 வரை, ஒரே கிளிக்கில் முயலாதீர்கள். 226இல் ஒன்று, 190இல் ஒன்று என்று இரண்டு முறை Shift கிளிக், இரண்டுக்கும் டாலரன்ஸ் 20. கொலுசுக்கு அடியில் விழுகிற நிழல் இந்த 170க்கும் கீழே இறங்கி வெள்ளியின் உடம்பு நிறத்துக்கே வந்துவிட்டால் வாண்டால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஓரத்தை மட்டும் பென் டூலில் வரையுங்கள். பென் டூல்காரர்கள் சந்தோஷப்படட்டும்.