11 ஜிபி கார்டு, ஆனாலும் கேம் திறக்கவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

"இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் கேமை ஆறு நாள் முன்பு ஸ்டீமில் வாங்கினேன். அதற்காகவே மூன்று வாரத்துக்கு முன் உள்ளூர்க் கடையில் பழைய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டை 14,000 ரூபாய்க்கு எடுத்தேன். கேம் கேட்பது 8 ஜிபி, என் கார்டில் 11 ஜிபி. ஆனாலும் பிழைச் செய்தி காட்டி மூடிவிடுகிறது. கடைக்காரர் பில் தரவில்லை, ஜிபேயில் கட்டினேன். யார் மீது வழக்குப் போடலாம்?" - வாசகர், திருச்சி

தம்பி, முதலில் ஸ்டீமில் ரீஃபண்ட் கேளுங்கள், இன்றே. வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் காரணம் எதுவானாலும் பணம் தருவது அவர்கள் கொள்கை. இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிழைச் செய்திப் பெட்டியை மூடாமல் திரையில் விட்டுவிட்டு கார்டின் டிரைவர் மென்பொருளை மாற்றிக்கொண்டிருந்தால், கேம் ஓடிக்கொண்டிருப்பதாகவே அந்த நேரமும் கணக்கில் ஏறலாம். அதனால் இனி ஒருமுறைகூடத் திறந்து பார்க்க வேண்டாம்.

கேம் நிறுவனத்தின் மீது வழக்கு நிற்காது. ஏன் என்பதற்கு ஸ்டீம் பக்கத்தில் உள்ள குறைந்தபட்சத் தேவைப் பட்டியலை நாம் சேர்ந்து படிப்போம். கார்டு என்ற இடத்தில் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் 8 ஜிபி என்று இருக்கும். உங்கள் கண் அந்த 8 ஜிபியில் நின்றுவிட்டது. பட்டியலின் கடைசியில், கூடுதல் குறிப்பு என்ற இடத்தில் இப்படி ஒரு வரி உண்டு: "GPU Hardware Ray Tracing Required". ஒளிக்கதிர்க் கணக்கைப் போடும் தனி உறுப்பு கார்டிலேயே இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். என்விடியாவில் அது ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில்தான் வந்தது. 2017இல் வந்த 1080 டிஐயில் அது கிடையாது. நினைவகம் 11 அல்ல, 20 ஜிபி இருந்தாலும் இந்தக் குறையை ஈடுகட்டாது. நிபந்தனையை வெளிப்படையாக எழுதிவைத்தவர்கள் ஏமாற்றினார்கள் என்று நுகர்வோர் ஆணையத்தில் சொல்ல முடியாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் விசையோடு R அழுத்தி இதைத் தட்டுங்கள்:

```
dxdiag
```

முதல் பக்கத்தில் "DirectX 12" என்று வருவதை நம்பிவிடாதீர்கள், அது விண்டோஸைப் பற்றியது. Display பக்கத்துக்குப் போய் Feature Levels வரியைப் பாருங்கள். உங்களுக்கு 12_1 வரைதான் இருக்கும். 12_2 இருந்தால்தான் கதிர்க் கணக்கு வசதி உள்ள தலைமுறை. இந்த கேம் டைரக்ட்எக்ஸில் இல்லாமல் வல்கன் என்ற வேறொரு கிராபிக்ஸ் மென்பொருளில் ஓடுகிறது என்றாலும், கார்டின் தலைமுறையைக் கண்டுகொள்ள இந்த வரி போதும்.

சரி, கடைக்காரர்? உங்கள் வழக்கு உண்மையில் அவர் மீதுதான், அதுவும் கார்டு வாங்கும்போது நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் பாருங்கள். எதற்காக வாங்குகிறோம் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி எடுத்தால், பொருள் அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும் என்பது விற்பனையிலேயே அடங்கிய நிபந்தனை. "அண்ணா, இந்த கேம் ஓட ஒரு கார்டு வேணும்" என்று நீங்கள் கேட்டு, அவர் "1080 டிஐ எடுத்துக்கோ, சூப்பரா ஓடும்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. "1080 டிஐ இருக்கா?" என்று பெயர் சொல்லி மட்டும் கேட்டிருந்தால், அதே பிரிவில் உள்ள விலக்கு அவருக்குத் துணை நிற்கும். அப்போது வழக்குப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் பணமும் காலமும்தான் வீணாகும்.

முதல் வகை என்றால், அந்த உரையாடலைத் தேதியும் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அசல் உரையாடலையும் போனிலிருந்து அழிக்க வேண்டாம். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான். ஜிபே பதிவு பணம் கொடுத்ததற்குச் சான்றாகும். கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு 14,000 தர 15 நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடக் கெடு இருக்கிறது, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை அந்தக் கார்டை வேறு யாருக்கும் விற்க வேண்டாம், பிரித்துச் சுத்தம் செய்யவும் வேண்டாம். திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிய நிலையிலேயே அது இருக்க வேண்டும்.