RE, TR முன்னொட்டுகளும் பொருள்வரியை மாற்ற வேண்டிய நேரமும்

"அண்ணா, லியோனில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறேன். மெயில்களில் RE, TR, Fwd என்று வரிசையாக வருகிறது. எதை விடுவது, எதை அழிப்பது? நடுவில் பொருள்வரியை மாற்றினால் கோபிப்பார்களா? வாடகை அறை, சாப்பாட்டு டிக்கெட் பற்றியும் சொல்லுங்கள்."

தம்பி, அறை வாடகையை லியோனில் இருப்பவர்களிடம் கேளுங்கள். நான் பாரிசுப் புறநகரில் இருப்பவன். சாப்பாட்டு டிக்கெட்டை உங்கள் நிர்வாகப் பிரிவே விளக்கிவிடும். மெயில் விஷயத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லித் தரமாட்டார்கள், ஆனால் அதை வைத்து உங்களை எடைபோடுவார்கள். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முன்னொட்டை எழுதுவது மனிதர் அல்ல, மென்பொருள். பிரெஞ்சு மொழியில் அமைத்த அவுட்லுக், பதிலுக்கு RE: என்றும் ஃபார்வர்டுக்கு TR: என்றும் போடும். ஆங்கிலத்தில் அமைத்தது FW: என்று போடும், ஜிமெயில் Fwd: என்று போடும். அவுட்லுக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. பொருள்வரியின் தொடக்கத்தில் மூன்றெழுத்துக்குள் ஒரு சொல்லும் அதையடுத்து முக்காற்புள்ளியும் இடைவெளியும் இருந்தால், அதைப் பழைய முன்னொட்டு என்று கருதி நீக்கிவிட்டுத் தன்னுடையதை வைக்கும். ஆகவே அவுட்லுக் மட்டுமே புழங்கும் அலுவலகத்தில் நீங்கள் காணும் RE: அல்லது TR: கடைசியாகக் கைவைத்தவர் என்ன செய்தார் என்பதை மட்டுமே சொல்லும், மடலின் முழு வரலாற்றைச் சொல்லாது. TR: என்பதை அறியாத மென்பொருள் இடையில் புகுந்தால்தான் "Re: TR: Fwd:" என்று அடுக்கு ஏறுகிறது. அந்த அடுக்கை ஒன்றாகக் குறைத்துவிட்டுப் பதில் அனுப்புவது நல்ல பழக்கம், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

இந்தப் பழக்கத்தால் ஒரு தொல்லையும் வரும். "RH: congés d'août" என்று நீங்கள் அனுப்பினால், அவுட்லுக்கில் பதில் வரும்போது மனிதவளத் துறையைக் குறிக்கும் RH காணாமற்போய் "RE: congés d'août" என்றே நிற்கலாம். துறையின் பெயரை முன்னால் வைக்க வேண்டுமென்றால் "[RH] congés d'août" என்று சதுர அடைப்பில் எழுதுங்கள், அது பிழைத்துக்கொள்ளும்.

TR: என்பதை மட்டும் நீங்களாக அழிக்காதீர்கள். அதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர், கீழே இருப்பது உங்கள் எழுத்தல்ல என்று புரிந்துகொண்டு கீழிருந்து படிக்கத் தொடங்குவார். அதை அழித்தால் வேறொருவர் எழுதிய வாசகத்துக்கு நீங்கள் பொறுப்பேற்றதாகத் தோன்றும். அனுப்பும் முன் அடிவரை இறங்கிப் பார்ப்பதும் அவசியம். உள்ளே பேசிக்கொண்ட விலையும், வாடிக்கையாளரைப் பற்றிய ஒரு கிண்டலும் அந்த வாடிக்கையாளரிடமே போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பொருள்வரி. நம்மவர்களிடம் எனக்குள்ள தீராத மனக்குறை இங்கேதான் இருக்கிறது. முகவரியைத் தட்டச்சுச் செய்ய அலுத்துக்கொண்டு, ஜனவரியில் வந்த "Galette des rois" மடலுக்கு "RE:" போட்டு ஜூன் மாதம் விடுமுறை கேட்பார்கள். பிறகு, மேலாளர் பதில் போடவில்லை, நம்மை மதிக்கவில்லை என்பார்கள். கேக் சாப்பிட அழைத்த மடலுக்குள் விடுமுறை விண்ணப்பம் இருக்குமென்று அவர் எப்படி அறிவார்?

நான் பின்பற்றும் விதி இதுதான்: பேச்சு சற்றே திசைமாறினால் பொருள்வரியைத் தொடாதீர்கள். மடலைப் பெறுபவர் செய்ய வேண்டிய செயல் மாறினால் மாற்றுங்கள். உங்கள் தொழிலிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தொடர் இப்படித் தொடங்குகிறது என்று வையுங்கள்:

```
Commande 4417 – livraison du 12 mars
```

லாரி எத்தனை மணிக்கு வரும், எந்தக் கதவில் இறக்குவது என்ற பேச்சு வரைக்கும் இந்தப் பெயர் போதும். 12ஆம் தேதி சரக்கு இறங்குகிறது; இரண்டு பலகைத் தட்டுகள் உடைந்திருக்கின்றன என்று வாடிக்கையாளர் அதே தொடரில் படங்களுடன் எழுதுகிறார். இனிச் செய்ய வேண்டியது வேறு. பிரெஞ்சு வணிகச் சட்டத்தின் L133-3 பிரிவின்படி, சரக்கைப் பெற்றவர் விடுமுறை நாட்களைக் கழித்து மூன்று நாட்களுக்குள் தமது ஆட்சேபத்தைக் காரணத்துடன் போக்குவரத்து நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், இல்லையேல் கோரும் உரிமை போய்விடும். சாதாரண மெயில் அதற்கு ஈடாகாது. ஆனால் உங்கள் இழப்பீட்டுப் பிரிவு கோப்பைத் திறப்பதும், வாடிக்கையாளரின் தபால் எந்த நாளில் வந்தது என்று ஒப்பிடுவதும் இந்த மெயிலிலிருந்துதான் தொடங்கும். "RE: livraison" என்று வந்தால் அவர்கள் அதை முடிந்த விஷயமாக ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே, ஆட்சேபமும் உடைந்த இரண்டு தட்டுகளும் தெரியும்படி மாற்றுங்கள்:

```
Commande 4417 – réserves, 2 palettes abîmées
```

ஆணை எண்ணைத் தொடக்கத்திலேயே விட்டுவைக்கிறோம். தேடுபவர் அதைத்தான் தட்டுவார். மடலின் முதல் வரியில் "Je modifie l'objet, car nous passons de la livraison aux réserves." என்று மாற்றத்தையும் அதன் காரணத்தையும் எழுதிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை. சொல்லாமல் மாற்றினால்தான் முகம் சுளிப்பார்கள். ஜிமெயிலில் பதில் பெட்டியின் அம்புக்குறிக்குள் பொருள்வரியைத் திருத்தும் தெரிவு ஒளிந்திருக்கிறது.

மாற்றியபின் ஒரு நாள் கவனமாக இருங்கள். ஒருவர் பழைய மடலிலிருந்தே பதில் போட்டுவிடுவார், அப்போது இரண்டு தொடர்கள் இணையாக ஓடும். ஏற்கெனவே கொடுத்த பதிலை ஒருவர் மறுபடி கேட்டால் அது நடந்துவிட்டது என்று அறியலாம். அவருடைய வாசகத்தைப் புதிய தொடரில் ஒட்டி, அங்கிருந்தே பதில் அளியுங்கள்.

முற்றிலும் வேறு விஷயம் என்றால் பொருள்வரியை மாற்றுவது போதாது, புதிய மடலே எழுத வேண்டும். நீங்கள் பதில் பொத்தானை அழுத்தியதுமே, கண்ணுக்குத் தெரியாத In-Reply-To, References என்ற தலைவரிகள் பழைய மடலின் அடையாளத்தைச் சுமந்து செல்கின்றன. பொருள்வரி மாறினால் ஜிமெயில் தனித் தொடராகப் பிரித்துக் காட்டும். தண்டர்பேர்டோ அந்தத் தலைவரிகளைப் பார்த்து, உங்கள் புதிய செய்தியைப் பழைய தொடரின் அடியிலேயே தொங்கவிடும். அந்தத் தொடரை மூடிவைத்திருப்பவர் கண்ணில் அது படவே படாது. கணினிக் கோளாறுகளுக்கான உதவி மடல்களில் இது தலைகீழ். பொருள்வரியில் "[GLPI #0001234]" போன்ற எண் இருந்தால் அதில் ஓரெழுத்தும் தொடாமல், அந்த மடலுக்கே பதில் போடுங்கள். எண்ணில்லாமல் புதிதாக எழுதினால் புதிய கோரிக்கையாகத் திறந்து, உங்கள் கோளாறு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகும்.

நான் வந்த காலத்தில் லா ஷப்பேல் பக்கம் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டு, இரவில் பிரெஞ்சு படித்து, பிறகுதான் ஒரு கிடங்கின் அலுவலக மேசைக்குப் போனேன். எனக்கு முன்பே அங்கிருந்த நம்மவர் ஒருவர் கேட்டதற்கெல்லாம் "போகப் போகப் புரியும்" என்று சிரிப்பார். உண்மையில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பிரெஞ்சு அம்மையார். செய்ய வேண்டியது மாறியும் பொருள்வரி மாறாத தொடருக்கு அவர் பதிலே போடமாட்டார். எழுந்து வந்து, "இதில் நான் என்ன செய்ய வேண்டும், அதை மேலே எழுதுங்கள்" என்பார். அப்போது கசப்பாக இருந்தது. இன்று எங்கள் அலுவலகத்தில் பழைய மடலைத் தேட வேண்டுமென்றால் பிரெஞ்சுக்காரர்களே என் மேசைக்கு வருகிறார்கள். அவுட்லுக்கின் முன்னொட்டுகளை ஆங்கிலத்துக்கு மாற்றிவைத்து FW: போடும் பையன்களும் வருகிறார்கள். அந்தத் தெரிவை அவர்கள் தொடாமல் விட்டால் நல்லது, ஏனெனில் எங்கள் நிறுவனத்தில் சிலர் "TR:" என்று தொடங்கும் மடல்களைத் தனிக் கோப்புறைக்கு அனுப்ப விதி எழுதிவைத்திருக்கிறார்கள். FW: என்று வருவது அதில் சேராமல் வெளியே கிடக்கும். உங்கள் அலுவலகத்திலும் அப்படி விதிகள் உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.