‘கேஸ் மாத்திரை’யை நிறுத்தியதும் ஏன் எரிகிறது?

வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைப் பற்றி தமிழக-கேரள எல்லைப்புற ஊர்களிலிருந்து வந்த கடிதங்களே இம்முறை அதிகம். அவற்றுள் நான்கிற்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 52. கொழிஞ்சாம்பாறையில் மளிகைக் கடை நடத்துகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் மூட்டுவலிக்கு மாத்திரை எழுதிய டாக்டர், கூடவே பான்டபிரசோல் 40 கொடுத்தார். வலி மாத்திரை பத்து நாளில் முடிந்துவிட்டது. இது மட்டும் இன்றுவரை தொடர்கிறது. இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாளே நெஞ்சு எரிந்தது. நோய் இன்னும் இருக்கிறது என்றுதானே பொருள்?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்காமல் இருக்க உங்களுக்கு இது கொடுக்கப்பட்டது. வலி மாத்திரை நின்ற நாளிலேயே இதற்கான காரணமும் முடிந்துவிட்டது. நீங்கள் இப்போது காண்பது பெரும்பாலும் மாத்திரையே உண்டாக்கிய எரிச்சல்.

பான்டபிரசோல் இரைப்பையில் அமிலத்தை வெளியேற்றும் பம்புகளை அடைத்துவிடுகிறது. அமிலம் குறைந்ததை உணரும் உடல், அதை ஈடுகட்ட காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. பல மாதங்கள் இப்படியே போனால், அமிலச் சுரப்பைத் தூண்டும் செல்கள் பெருகிவிடுகின்றன. மாத்திரையைச் சட்டென நிறுத்தும்போது அடைப்பு நீங்குகிறது, ஆனால் தூண்டுதல் அடங்கவில்லை. அதனால் மாத்திரை தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடக் கூடுதலாகவே அமிலம் சுரக்கும். சில நாட்களில் தொடங்கும் இந்த எரிச்சல் அடங்கச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். மூன்றாம் நாளில் பயந்து மாத்திரையை விழுங்கினால், எத்தனை முறை முயன்றாலும் இதே கதைதான்.

குறைக்கத் தொடங்கும் முன் சிலவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். விழுங்கும்போது உணவு தடைபடுகிறதா, மலம் தார் போல் கறுப்பாகப் போகிறதா, காரணமின்றி எடை குறைகிறதா, ரத்தசோகை இருக்கிறதா, வாந்தியில் ரத்தம் வந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் எண்டோஸ்கோப்பி செய்யவேண்டும். முன்பு எப்போதாவது எண்டோஸ்கோப்பி செய்திருந்தால் அந்த அறிக்கையைத் தேடி எடுங்கள். அதில் உணவுக்குழாயில் கடுமையான புண் என்றோ, அதன் உட்சுவர் மாறிவிட்டதைச் சொல்லும் ‘பாரட்’ என்றோ இருந்தால் நிறுத்தும் பேச்சே வேண்டாம். ரத்தம் கசிந்த அல்சர் வந்தவர்களுக்கும் அப்படியே. நடக்கும்போது வந்து உட்கார்ந்தால் அடங்கும் எரிச்சலை இரைப்பையின் கணக்கில் எழுதாமல் இதயத்தைப் பரிசோதியுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு இப்படிக் குறைக்கலாம். 40 மி.கி. மாத்திரைக்குப் பதில் 20 மி.கி. மாத்திரையை எழுதி வாங்கி, காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பாக நான்கு வாரம் சாப்பிடுங்கள். கையிலிருக்கும் 40-ஐ உடைத்துப் பாதியாக்காதீர்கள். அதன் மேல்பூச்சு இரைப்பை அமிலத்திலிருந்து மருந்தைக் காக்க இருப்பது. உடைத்தால் மருந்து குடலை எட்டுமுன்பே சிதைந்துவிடும். அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு நிறுத்துங்கள். மெல்லக் குறைப்பவர்களுக்கும் ஒரேயடியாக நிறுத்துபவர்களுக்கும் முடிவில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால் சட்டென நிறுத்துவதும் தவறல்ல. ஆனால் இரண்டு முறை தோற்ற உங்களுக்குப் படிப்படியாகப் போவதே நல்லது என்பது என் கருத்து.

இடையில் எரிந்தால் ஜெலுசில் போன்ற அமில முறிவு மருந்தைக் குடியுங்கள். போதாத நாளில் ஃபமோடிடின் 20 மி.கி. ஒன்று போடலாம். அதையும் தினசரிப் பழக்கமாக்கினால் சில நாட்களிலேயே அதன் வேகம் குறைந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இவை இரண்டுக்குமே டாக்டரைக் கேட்கவேண்டும். ஒரு படியில் தாங்க முடியவில்லை என்றால் முந்தைய படிக்கே திரும்பி இரண்டு வாரம் இருந்துவிட்டு மறுபடி இறங்குங்கள்.

கடையை அடைத்து ஒன்பதரைக்குச் சாப்பிட்டதும் படுத்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பழக்கம் மாறாமல் எந்தத் திட்டமும் நிற்காது. மாலை ஏழு மணிக்குக் கடையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடிந்து எதுக்களிப்பு கூடும்.

மாத்திரை கிளப்பிய எரிச்சல் வாரத்துக்கு வாரம் தணியும். இரண்டு மாதம் கடந்தும் அதே வேகத்தில் இருந்தாலோ, இரவில் புளிநீர் தொண்டைக்கு ஏறி எழுப்பினாலோ, உங்களுக்கு உண்மையிலேயே எதுக்களிப்பு நோய் இருக்கலாம். அப்போது எவ்வளவு குறைந்த அளவில் எரிச்சல் அடங்குகிறதோ அந்த அளவிலேயே மீண்டும் தொடங்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. கோவையில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதமாகிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், பான்டபிரசோல் சாப்பிடுகிறார். பான்டபிரசோல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டு நிறுத்தச் சொல்கிறோம். சரியா? (வேலந்தாவளம்)

பதில்: சரியல்ல. ரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகள் ஒன்றாக இருக்கும்போது இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து உயர்கிறது. அவர் வயதில் இன்னும் கூடுதல். அதைத் தடுப்பதே பான்டபிரசோலின் வேலை. இந்த வகை மருந்தால் சிறுநீரக அழற்சி வருவது உண்மைதான், ஆனால் அது அரிது. கிரியேட்டினின் பரிசோதனையில் அதைக் கண்காணிக்கலாம். கடைக்காரர் இதற்குப் பதிலாக ஒமிப்ரசோல் அல்லது எசோமிப்ரசோல் கொடுத்தால் வாங்காதீர்கள். அவை குளோபிடோக்ரலின் செயலைக் குறைக்கக்கூடியவை. இதய மருத்துவர் குளோபிடோக்ரலை நிறுத்தும் நாளில், ‘இதுவும் இனி தேவையா?’ என்று அவரிடமே கேளுங்கள். மறந்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

கேள்வி: பாலக்காட்டில் ஒரு டாக்டர், கோவையில் ஒரு டாக்டர். இருவருமே வயிற்றுக்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பெயர் வேறு என்பதால் இரண்டையும் சாப்பிடுகிறேன். எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. ஆறு ஆண்டாக மெட்ஃபார்மின். கொஞ்ச நாளாகப் பாதம் மரத்துப்போகிறது. (மீனாட்சிபுரம்)

பதில்: நீங்கள் அனுப்பிய பட்டியலில் காலை மாத்திரை பான்டபிரசோல், இரவு மாத்திரை ரபிபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்தது. பான்டபிரசோலும் ரபிபிரசோலும் ஒரே இனம். எல்லையின் இருபுறமும் வைத்தியம் பார்க்கும் நம் ஊர்களில் இது சகஜம்; இருவருக்கும் மற்றவர் சீட்டு தெரியாது. டோம்பெரிடோன் குறுகிய காலத்துக்கு மட்டும் ஏற்றது. நீண்ட நாள் போனால் இதயத் துடிப்பின் சீர் கெடலாம். எனவே முதலில் விடவேண்டியது இரவு மாத்திரை. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு இந்த வாரமே ஒரு டாக்டர் முன் கொட்டுங்கள்.

மரமரப்பைச் சர்க்கரையின் மீது மட்டும் போட்டுவிடாதீர்கள். உணவிலுள்ள பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். மெட்ஃபார்மினும் அதன் உறிஞ்சலைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து ஆண்டுகள் ஓடினால் பி12 குறைய வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் அளவு பாருங்கள். குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ தருவார்கள். தாமதித்தால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாது.

கேள்வி: நோய் எதுவும் இல்லை. ஓணச் சத்யை, கல்யாண விருந்து என்றால் மட்டும் சாப்பிட்ட பிறகு ஒரு பான்டபிரசோல் போடுகிறேன். பாதகமா? (வாளையார்)

பதில்: பெரிய பாதகமில்லை, பலனும் இல்லை. இந்த மாத்திரை உணவுக்கு முன் போட்டால்தான் சரியாக வேலை செய்யும். முழு வேகம் வர மூன்று நாள்போல ஆகும். விருந்து முடிந்தபின் எரிந்தால் அமில முறிவு மருந்து இரண்டு தேக்கரண்டி போதும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதற்கும் அமில முறிவு மருந்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.