கடைக்குப் புலனக் குழு: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன், வாரக் கடைசியில் ஆட்டுக்கறியும் உண்டு. வாடிக்கையாளர்களுக்கு மட்டும் புலனத்தில், அதாவது WhatsAppஇல், குழு நடத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

"அக்கா, குழு திறந்து மூன்று வாரம்தான். 200 பேரில் 60 பேர் ஓடிவிட்டார்கள். என்ன தப்பு செய்தேன்?" (துணிக்கடை, கூலிம்)

தினம் எத்தனை செய்தி போட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நானும் இதே தப்பைச் செய்தவள்தான். காலையில் முருகன் படம், பத்து மணிக்குத் தக்காளி விலை, மாலையில் புதுச் சரக்கு என்று போட்டுக்கொண்டிருந்தேன். வெளியேறியவர்களைப் பற்றிக்கூட எனக்குக் கவலையில்லை. போகாமல் சத்தத்தை மட்டும் அணைத்து வைத்தவர்கள்தான் நட்டம். எண்ணிக்கையில் இருப்பார்கள், செய்தியைப் படிக்க மாட்டார்கள்.

இப்போது வாரத்துக்கு இரண்டே செய்தி, புதன் மாலை ஒன்று, வெள்ளி மாலை ஒன்று. அதிலும் அவர்கள் ஏதாவது செய்ய வேண்டியதாக இருந்தால்தான் போடுவேன். புதன் செய்தி இப்படி இருக்கும்:

"சனிக்கிழமை ஆட்டுக்கறி. வேண்டுபவர்கள் வியாழன் பகல் 12 மணிக்குள் எனக்குத் தனியாக எழுதுங்கள்: பெயர், எத்தனை கிலோ, எலும்போடா இல்லாமலா. சனி காலை 7 முதல் 10 வரை வந்து எடுக்கலாம். 10க்கு மேல் வேறு ஆளுக்குப் போய்விடும்."

முன்பு கண்மதிப்பில் 60 கிலோ எடுப்பேன், 14 கிலோ பெட்டியில் உறைந்து கிடக்கும். போன மாதம் ஒரு சனிக்கிழமைக்கு 31 பேர் எழுதினார்கள், கூட்டினால் 46 கிலோ. நேரில் வருகிறவர்களுக்கு 6 கிலோ சேர்த்து 52 எடுத்தேன். பத்தரைக்குக் கடையில் கறி இல்லை. எழுதியவருக்குக் கறி உறுதி, எழுதாதவர் காத்திருக்க வேண்டும். குழுவில் இருப்பதால் கிடைக்கிற பலன் இதுதான். இரண்டு ரிங்கிட் தள்ளுபடி கொடுத்தாலும் இந்த அளவுக்கு ஆள் நிற்பதில்லை.

இன்னொன்று. சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால் தோட்டத்து ஆட்களுக்கு 7ஆம் தேதியை ஒட்டிய வாரக் கடைசிதான் பெரிய வாரம். என் நீளமான செய்தியை அந்த வாரத்துக்கு வைத்துக்கொள்வேன். 25ஆம் தேதி கறிப் படம் போட்டால் மனிதர்களுக்கு எரிச்சல்தான் வரும்.

"குழுவா, Communityயா, broadcastஆ? தலை சுற்றுகிறது." (பலகாரக் கடை, பீடோர்)

Broadcast என்றால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். 40 வாடிக்கையாளர் என்றால் அதுவே போதும். அதற்கு மேல் என்றால் Community திறந்து, Announcements பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். அங்கே நிர்வாகி மட்டும்தான் புதுச் செய்தி போட முடியும். கூடவே General என்று ஒரு அரட்டைக் குழு வந்து நின்றால் அதை எடுத்துவிடுங்கள்.

சாதாரணக் குழு மட்டும் வேண்டாம். அதில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். என் முதல் குழுவின் இணைப்பை யாரோ முகநூலில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் வட்டிக்குப் பணம் விடும் ஒரு ஆலோங் உள்ளே வந்து, எண்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் "அவசரப் பணம் வேண்டுமா" என்று எழுதினான். ஒரு பாட்டி கடைக்கே வந்து, நீ என் நம்பரை விற்றாயா என்று கேட்டார். இணைப்பை வெளியில் விடாதீர்கள். விட்டுவிட்டால் உடனே Reset link.

"Communityயில் யார் எண்ணும் யாருக்கும் தெரியாதாமே, அப்புறம் என்ன பயம்?" (கைப்பேசிக் கடை)

பாதி சரி. Announcements பகுதியில் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, ஆனால் நிர்வாகிக்குத் தெரியும். அதற்குள் நீங்கள் ஒரு பேச்சுக் குழு திறந்து ஆள் சேர்த்தால், அங்கே மறுபடியும் எல்லார் எண்ணும் வெளிச்சம்.

"எழுத விடாவிட்டால் அது என்ன சமூகம்? என் முடிதிருத்தும் கடைக் குழுவில் பந்து விளையாட்டுப் பேச்சு ஓடும், அதனால்தான் ஆள் வருகிறான்." (ஈப்போ)

உங்கள் கடையில் உட்கார்ந்து பேசுவதே வியாபாரம் அண்ணே. என் கடையில் பேச்சு தொடங்கினால் "போன வாரக் கறியில் கொழுப்பு அதிகம்" என்றுதான் தொடங்கும், அதை 200 பேர் பார்ப்பார்கள். அந்தக் குறையை எனக்குத் தனியாக எழுதினால் அடுத்த வாரம் அரை கிலோ கூடப் போட்டு முடித்துவிடுவேன்.

"அதாவது குறையை மறைக்கிறீர்கள்." (அதே ஈப்போ அண்ணன்)

மறைக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேச விட்டால் யார் பேசுகிறார்கள்? ஒரு பத்துப் பேர். மற்றவர்களுக்கு அது இரைச்சல்.

"எனக்கு அக்கா சொல்வதும் சரி, அண்ணன் சொல்வதும் சரி. தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுக்க 30 பேர் பேசுகிற குழு ஒன்று வைத்தேன், ஒருத்தர் கேட்ட அளவைப் பார்த்து இன்னொருத்தர் கூட்டிக் கேட்டார்." (பலகாரக் கடை, பீடோர்)

இது நான் யோசிக்காதது. பண்டிகை வரைக்கும் என்று சொல்லித் திறந்து, முடிந்ததும் மூடிவிட்டால் சரியாக வரலாம். எண் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈப்போ அண்ணனுக்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"விதிமுறைகளை எழுதி அனுப்புங்களேன், அப்படியே போட்டுக்கொள்கிறேன்."

என்னுடையது நாலு வரி. கடையில் வாங்கியவர்களுக்கு மட்டும். வாரம் இரண்டு செய்தி. ஆர்டரும் குறையும் தனியாக. வேண்டாம் என்றால் "போதும்" என்று எழுதுங்கள், அன்றே எடுத்துவிடுவேன். அந்த நாலாவது வரியை விட்டுவிடாதீர்கள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விளம்பரம் அனுப்பாதே என்று சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. சேர்க்கும்போது கல்லாவிலேயே கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எண்ணை எழுதுவேன்.

"கடன் பாக்கி வைத்தவர்களைக் குழுவில் ஞாபகப்படுத்தலாமா?"

கூடாது. கடன் எழுதும் 555 புத்தகம் கல்லாவுக்குக் கீழே இருக்கட்டும்.

"பேர் சொல்லாமல், பொதுவாகப் போட்டால்?"

பாக்கி இல்லாதவர் கோபப்படுவார், பாக்கி உள்ளவர் தன்னை இல்லை என்று நினைப்பார். கூடாது என்றுதானே சொன்னேன்.

"எங்கள் கோயில் குழுவுக்கும் இந்த முறை சரிவருமா?"

நான் கடைக்காரி. கோயில் குழுவில் எழுத விடாவிட்டால் தலைவரை மாற்றிவிடுவார்கள்.

"அக்கா, வாரம் எத்தனை செய்தி போடலாம்?"

மேலே பாருங்கள்.

"தினம் ஒன்று போட்டால் பரவாயில்லையா?"

மேலே பாருங்கள்.

"ஒரு மாதம் பேச விட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்." (ஈப்போ அண்ணன்)

சொல்லுங்கள். எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள், அந்த மாதம் குழுவைப் பார்த்துவிட்டு எத்தனை தலை முடிவெட்ட வந்தது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை அதிகமாக இருந்தால் நானும் யோசிக்கிறேன்.

"அக்கா, உங்கள் குழு இணைப்பு ஒன்று கிடைக்குமா? எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான்."

கிடைக்காது. சனிக்கிழமை கடைக்கு வந்து அரை கிலோ வாங்குங்கள், சேர்த்துவிடுகிறேன்.