கூட்டினால் 101 வருகிறது

வணக்கம் ரீச்சர்,

நிலாவெளிப் பக்கம் ஒரு கிராமத்தில் 130 வீடுகளில், குடிதண்ணீர் முக்கியமாக எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று விசாரித்தோம். வீட்டுக்கு ஒரு பதில்தான். குழாய்த் தண்ணீர் 53, சொந்தக் கிணறு 35, பவுசர் 21, பொதுக் கிணறு 15, போத்தல் தண்ணீர் 6. சதவீதமாக்கி முழு எண்ணுக்கு மட்டந்தட்டினால் 41, 27, 16, 12, 5 வருகிறது. கையால் கூட்டினால் 101. ஆனால் எக்செல் கீழே 100 என்றுதான் காட்டுகிறது. பெரிய எண்ணில் ஒன்றைக் குறைத்து 40 என்று போட்டுவிடு, யாருக்கும் தெரியாது என்கிறார் எங்கள் பொறுப்பாளர். அப்படிச் செய்யலாமா? அடுத்த கிழமை பிரதேச செயலகக் கூட்டத்தில் இந்த அட்டவணையைக் காட்ட வேண்டும்.

— ச., திருகோணமலை

அன்புள்ள தம்பி,

உங்கள் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஐந்து எண்களும் தனித்தனியே சரியாகத்தான் மட்டந்தட்டப்பட்டிருக்கின்றன. எக்செல் சொல்வதும் சரி. அது உள்ளே 40.769, 26.923 என்று முழுதாக வைத்துக்கொண்டு அவற்றைக் கூட்டுகிறது. திரையில் மட்டும் 41, 27 என்று காட்டுகிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ திரையில் தெரியும் எண்கள்தான் உண்டு. அவர் அவற்றைத்தான் கூட்டுவார்.

இது அபூர்வமாக நடக்கும் விஷயமும் இல்லை. புள்ளிவிவரவியலாளர் ஃபிரெடெரிக் மொஸ்டெல்லரும் இரண்டு சகாக்களும் 1967இல் இதையே ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பதில் வகைகள் இரண்டு என்றால் சிக்கல் அநேகமாக வராது. மூன்று என்றால் நான்கில் மூன்று தடவைதான் சரியாக 100 வரும். நான்கு என்றால் மூன்றில் இரண்டு தடவை. உங்களைப் போல ஐந்து வகைகள் இருந்தால் ஏறக்குறைய பத்தில் ஆறு தடவை. வகைகள் கூடக் கூட 100 வருவதுதான் அரிதாகும். அதனால் பல வரிகள் உள்ள அட்டவணைகள் ஒன்று விடாமல் எல்லாமே துல்லியமாக 100 காட்டும் அறிக்கையைப் பார்த்தால், யாரோ எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். கை வைப்பது குற்றமில்லை. எந்த விதிப்படி வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

பெரிய எண்ணில் குறைப்பது பல அலுவலகங்களில் உள்ள பழக்கம். பெரிய எண்ணில் ஒன்று போனால் உறைக்காது என்பது அதன் நியாயம். உங்கள் தரவில் அதைச் செய்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். குழாய்த் தண்ணீரின் உண்மையான பங்கு 40.77. அது 41க்கு மிகக் கிட்ட இருக்கிறது. அதை 40 என்று எழுதினால் முக்கால் சதவீதத்துக்கு மேல் விலகுகிறோம். இன்னும் சிலர் கடைசி வரியில் குறைப்பார்கள். அது இதைவிட மோசம். போத்தல் தண்ணீர் 4.62, அதை 4 ஆக்கினால் அந்தச் சின்னப் பங்கில் எட்டில் ஒன்றுக்கு மேல் வெட்டிவிடுகிறோம். ஒன்றைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால், குறைப்பதால் உண்மையிலிருந்து மிகக் குறைவாக விலகும் வரியில்தான் குறைக்க வேண்டும். அது எந்த வரி என்று எண்ணின் அளவைப் பார்த்தால் தெரியாது. வகுத்தால் வரும் மீதியைப் பார்க்க வேண்டும்.

தசமமே வேண்டாம், பள்ளிக்கூடத்தில் செய்த நெடும் பிரித்தல் போதும். ஒவ்வொரு எண்ணையும் 100 ஆல் பெருக்கி 130 ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் தனித்தனியே எழுதுங்கள். குழாய்: 5300ஐ 130 ஆல் வகுத்தால் ஈவு 40, மீதி 100. சொந்தக் கிணறு: ஈவு 26, மீதி 120. பவுசர்: ஈவு 16, மீதி 20. பொதுக் கிணறு: ஈவு 11, மீதி 70. போத்தல்: ஈவு 4, மீதி 80. முதலில் எல்லோருக்கும் ஈவை மட்டும் கொடுத்துவிடுங்கள். கூட்டுத்தொகை 97. நூறுக்கு இன்னும் 3 தேவை. அந்த மூன்றையும் மீதி பெரிதாக உள்ளவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுங்கள்: 120 உள்ள சொந்தக் கிணறு, 100 உள்ள குழாய், 80 உள்ள போத்தல். அவ்வளவுதான். விடை: குழாய் 41, சொந்தக் கிணறு 27, பவுசர் 16, பொதுக் கிணறு 11, போத்தல் 5. கூட்டினால் 100.

ஆக, விட்டுக்கொடுக்க வேண்டியது பொதுக் கிணறு. அதன் பங்கு 11.54. மேலே போன நான்கிலும் அரைக்கு மிகக் கிட்ட நின்றது அதுதான். 12 என்று எழுதியிருந்தாலும் கிட்டத்தட்ட அரை விலகியிருப்போம், 11 என்று எழுதும்போதும் அரைக்குச் சற்று மேல் விலகுகிறோம். இழப்பு மிகச் சிறியது. ஐந்து வரிகளின் விலகல்களையும் கூட்டிப் பார்த்தால் இந்த முறையில் சுமார் 1.4 வரும், பொறுப்பாளர் சொன்ன முறையில் 1.8க்கு மேல். நூறு வரும்படி முழு எண்களை எப்படி மாற்றிப் போட்டாலும் இதைவிடக் குறைந்த மொத்த விலகல் கிடைக்காது.

உங்கள் எண்களில் இன்னொன்றும் கவனித்தேன். கூட்டத்தில் யாராவது, கிணற்றுத் தண்ணீர் மொத்தம் எத்தனை வீதம் என்று நிச்சயம் கேட்பார்கள். 35 உம் 15 உம் 50 வீடுகள், அதாவது 38.46, 38 என்று சொல்வீர்கள். திருத்திய அட்டவணையில் 27 உம் 11 உம் 38 ஆகப் பொருந்துகிறது. பழைய எண்களில் 39 வந்திருக்கும். இந்தப் பொருத்தம் எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இடைக் கூட்டுத்தொகை எதையும் மட்டந்தட்டிய எண்களிலிருந்து எடுக்காமல் வீடுகளின் எண்ணிக்கையிலிருந்தே எடுங்கள்.

எக்செல்லில் செய்ய, எண்ணிக்கைகள் B2 முதல் B6 வரை இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்:

```
C2: =INT(100*B2/SUM(B$2:B$6))
D2: =MOD(100*B2,SUM(B$2:B$6))
E2: =C2+(RANK(D2,D$2:D$6)<=100-SUM(C$2:C$6))
```

மூன்றையும் ஆறாம் வரி வரை இழுத்துவிடுங்கள். E நிரல்தான் அட்டவணைக்குப் போவது. மீதியைத் தசமமாக எடுக்காமல் MOD மூலம் முழு எண்ணாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தசமத்தில் எடுத்தால், சமமாக இருக்க வேண்டிய இரண்டு மீதிகள் கடைசி இலக்கத்தில் துளியளவு வேறுபட்டு, காரணமே இல்லாமல் ஒருவரை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும்.

மீதிகள் உண்மையிலேயே சமமாக இருந்தால் RANK இருவருக்கும் ஒரே இடத்தைக் கொடுக்கும். அந்த இடம் எல்லைக்கோட்டில் விழுந்தால் கூட்டுத்தொகை மறுபடி நூறைத் தாண்டும். ஆகவே E நிரலின் கீழ் ஒரு SUM போட்டு வையுங்கள். அது 100 காட்டாவிட்டால் சமன் வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது, எண்ணிக்கை பெரிதாக உள்ள வரிக்கு அந்த ஒன்றைக் கொடுப்பேன், அதன் பங்கோடு ஒப்பிட்டால் மாற்றம் சிறியது என்பதால். எண்ணிக்கையும் சமமாக இருந்தால் இந்த முறையை அங்கே கைவிடுங்கள். 120 வீடுகளில் மூன்று பதில்களுக்கும் 40, 40, 40 வந்தால், 34, 33, 33 என்று எழுதுவது இல்லாத வேறுபாட்டை உண்டாக்குவது. 33, 33, 33 என்று எழுதி 99 ஆகவே விட்டுவிடுங்கள்.

இதற்குப் பெரிய மீதி முறை என்று பெயர். நம் ஊரில் இது புதிதும் இல்லை. திருகோணமலை மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 4 ஆசனங்கள். 1978 அரசியலமைப்பின்படி, கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். 5 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களைக் கழித்துவிட்டு, மிஞ்சும் வாக்குகளை 3 ஆல் வகுத்து ஓர் ஆசனத்தின் விலையைக் காண்பார்கள். ஒவ்வொரு கட்சியும் அந்த விலைக்கு எத்தனை முழு ஆசனம் பெறுகிறதோ அத்தனை. மிஞ்சும் ஆசனம் பெரிய மீதி உள்ள கட்சிக்கு. நீங்கள் பொதுக் கிணற்றுக்கும் போத்தலுக்கும் இடையில் செய்ததையே அங்கே கட்சிகளுக்கு இடையில் செய்கிறார்கள்.

ஆனால் ஆசனத்தைத் துண்டாக்க முடியாது, யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும். சதவீதத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த முறைக்கு ஒரு கோணல் உண்டு. ஒரு வரியின் எண், மற்ற வரிகளைப் பொறுத்து மாறும். அமெரிக்காவில் 1880 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு ஆசனங்களைக் கணக்குப் பார்த்தபோது, சபையில் 299 ஆசனங்கள் என்றால் அலபாமாவுக்கு 8, 300 என்றால் 7 என்று வந்தது. மொத்தம் கூட, அலபாமாவுக்குக் குறைந்தது!

உங்கள் அட்டவணையில் இது எப்படித் தலைகாட்டும் தெரியுமா? அடுத்த வருடம் அதே 130 வீடுகளுக்குப் போகிறீர்கள். குழாய் 56, சொந்தக் கிணறு 33, பவுசர் 20, பொதுக் கிணறு 15, போத்தல் 6 என்று வருகிறது என்று வையுங்கள். ஈவுகளின் கூட்டுத்தொகை இப்போது 98. கொடுக்க 2 தான் இருக்கிறது. மீதிகள் 10, 50, 50, 70, 80. போத்தலுக்கு ஒன்று, பொதுக் கிணற்றுக்கு ஒன்று. பொதுக் கிணறு 12. போன வருடம் 11. பொதுக் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகள் கூடிவிட்டன என்று யாராவது எழுதுவார்கள். ஒரு வீடும் கூடவில்லை. 15 அப்படியே 15.

ஆகவே காலத்துக்குக் காலம் ஒப்பிடப்போகும் தரவில் இந்தத் திருத்தத்தைச் செய்ய வேண்டாம். அங்கே சாதாரணமாக மட்டந்தட்டிய எண்ணையே போடுங்கள், கூட்டுத்தொகை 99 ஆனாலும் 101 ஆனாலும். ஒரே தடவை காட்டும் அட்டவணை, கூட்டிப் பார்க்கப்போகும் சபை என்றால் பெரிய மீதி முறை நல்லது. உங்கள் கூட்டம் அப்படிப்பட்டதுதான். அடுத்த வருடமும் போகும் எண்ணம் இருந்தால் எக்செல் கோப்பில் இரண்டு நிரல்களையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தசமம் சேர்த்தால் தீராதா என்று யோசித்திருப்பீர்கள். 40.8, 26.9, 16.2, 11.5, 4.6 என்று இந்தத் தடவை 100.0 வருகிறது, உண்மைதான். அது தற்செயல். அடுத்த கேள்விக்கு 100.1 வரும். தவிர, 130 வீடுகளில் ஒரு வீடே 0.77 சதவீதம். ஒரு வீடு பதிலை மாற்றிச் சொன்னால் முக்கால் வீதம் நகரும் தரவில் பத்தில் ஒரு பங்கு வரை எழுதுவது, நம்மிடம் இல்லாத துல்லியத்தைக் காட்டுவது. முழு எண்ணே இங்கே பொருத்தம்.

எதைத் தெரிவு செய்தாலும், சதவீதத்துக்குப் பக்கத்தில் வீடுகளின் எண்ணிக்கையைக் கட்டாயம் போடுங்கள். அந்த நிரலில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. கூட்டுத்தொகை சரிவர வேண்டும் என்று 15ஐ 14 ஆக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் இப்படி எழுதலாம்: ‘மொத்தம் 130 வீடுகள். கூட்டுத்தொகை 100 ஆகும்படி சதவீதங்கள் பெரிய மீதி முறையில் மட்டந்தட்டப்பட்டுள்ளன.’ திருத்தாமல் விடும் அட்டவணைக்கு: ‘மட்டந்தட்டியதால் கூட்டுத்தொகை 100 ஆகாமல் இருக்கலாம்.’