தேன், நெய் லேபிள்: கேள்வி-பதில்

நெய் ஜாடியின் படம் அனுப்பியுள்ளேன். அசலா? (ஈரோடு)

படத்தில் ஒரு பசுவும் ஒரு கோயில் கோபுரமும் தெரிகின்றன. இவற்றை வைத்து நான் என்ன சொல்ல? சரிபார்க்க முடிந்தவை எல்லாம் பின்பக்கத்தில்தான் அச்சாகின்றன. பிளாஷ் போடாமல் அதை எடுத்து அனுப்புங்கள்.

தேன் பாட்டிலில் உள்ள உரிம எண் உண்மையா என்று எப்படி அறிவது? (தேனி)

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் எண்ணுக்கு 14 இலக்கங்கள். உங்கள் படத்தில் முதல் ஐந்துதான் தெளிவாக இருக்கின்றன: 12421. முதல் 1 என்றால் உரிமம். சிறு வியாபாரியின் பதிவு என்றால் 2 இருக்கும். அடுத்த 24 தமிழ்நாடு, 21 என்பது 2021ஆம் ஆண்டு. முழு எண்ணையும் foscos.fssai.gov.in தளத்தில் இட்டுப் பாருங்கள். வருகிற பெயரும் முகவரியும் லேபிளோடு பொருந்த வேண்டும். பொருந்தினாலும் நிறுவனம் இருக்கிறது என்றுதான் பொருள். உள்ளே இருப்பது தேனா என்பதை அந்த எண் சொல்லாது.

அரை லிட்டர் நெய் 450 கிராம்தான் இருக்கிறது. ஏமாற்றா? (திண்டுக்கல்)

இல்லை. நெய் தண்ணீரைவிட லேசானது. லிட்டருக்கு 900 கிராம் சொச்சம்தான் நிற்கும்.

‘ஏ2 நெய்’ மும்மடங்கு விலை. லேபிளை நம்பலாமா? (கோவை)

மாதம் தவறாமல் வரும் கேள்வி. ஏ1, ஏ2 இரண்டும் பாலில் உள்ள பீட்டா கேசீன் என்ற புரதத்தின் வகைகள். நெய்யோ ஏறக்குறைய முழுவதும் கொழுப்பு. வெண்ணெய் உருக்கும்போது புரதம் கசடாக அடியில் தங்கிவிடுகிறது. அதை வடிகட்டித்தான் ஜாடியில் ஊற்றுகிறார்கள். வடித்து எறிந்த பொருளின் பெயரை லேபிளில் போட்டு அதற்கு விலையும் வாங்குகிறார்கள்! மாட்டின் வகையை அறிய மரபணுச் சோதனை உண்டு, பாலிலும் புரதத்தைப் பிரித்துப் பார்க்கலாம். கடையில் வாங்கிய நெய்யில் அந்தப் புரதத்தைத் தேடி என்ன பயன்? 2024 ஆகஸ்ட் 21 அன்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இந்த வாசகத்தை நீக்கச் சொன்னது. சில நாட்களிலேயே, கலந்தாலோசிக்க வேண்டும் என்று அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ‘அரசே அனுமதித்துவிட்டது’ என்று விற்பவர்கள் சொல்வது இதைத்தான். உத்தரவு போனதால் நெய்யில் புரதம் வந்துவிடாது. நாட்டு மாட்டு நெய்தான் வேண்டுமென்றால் மாட்டை வளர்ப்பவரைத் தெரிந்து வாங்குங்கள். படம் அனுப்பிப் பயனில்லை.

‘என்.எம்.ஆர். சோதனையில் தேறிய தேன்’ என்கிறார்களே? (சென்னை)

தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் சோதனை இது. இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. 2020இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 13 தேன் பிராண்டுகளில் 10 இந்தச் சோதனையில் தோற்றன. அவற்றுள் பல வழக்கமான சோதனைகளில் தேறியவை. ஆனால் என்றோ ஒரு முறை தேறியது உங்கள் பாட்டிலுக்குச் சான்றாகாது. அறிக்கையைக் கேளுங்கள். அதில் உள்ள பேட்ச் எண் பாட்டிலில் அச்சான எண்ணாக இருக்க வேண்டும். தராவிட்டால் அது வெறும் விளம்பர வரி.

மூடிக்குள் அலுமினியத் தாள் ஒட்டியே இருக்கிறது. கலப்படம் இருக்காது அல்லவா? (மதுரை)

ஆலையை விட்டு வந்தபின் யாரும் திறக்கவில்லை, அவ்வளவுதான். கலப்பவர் சீல் வைப்பதற்கு முன்பே கலந்திருப்பார். அடுத்த முறை பின்பக்கப் படத்தையும் அனுப்புங்கள்.